லூப் செக்கில் தவறு எங்கே? அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடும் வழிமுறை

காரைக்குடிக்குப் பக்கத்தில் புதுவயல் வட்டாரத்து அரிசி ஆலைகளில், நெல் ஊறவைத்து அவிக்கும் பகுதிக்குப் புதிதாகப் பிஎல்சி என்னும் கட்டுப்பாட்டுக் கணினி பொருத்தும்போது கருவிகளைச் சரிபார்த்து ஓட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்பவன் நான். பேனல் கோயம்புத்தூரில் தயாராகிறது. அங்கே ஒரு ஏற்புச் சோதனை நடக்கிறது. பிறகு லாரியில் ஏறி இங்கே வந்து, ஒயர் இணைத்து, ஒவ்வொரு கருவிக்கும் திரைக்கும் இடையே சிக்னல் சரியாகப் போய்வருகிறதா என்று பார்க்கும் லூப் செக் முடிந்து, ஆலையிலேயே இரண்டாவது ஏற்புச் சோதனை நடக்கிறது. முதலாவதை எஃப்ஏடி என்றும் இரண்டாவதை எஸ்ஏடி என்றும் நாம் சொல்கிறோம். இந்த மூன்று கட்டங்களிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் பழுதுகளை, கண்ணில் படும் அறிகுறியின்படி கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும். கடைசியில் யாரை அழைக்க வேண்டும் என்பதும் இருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை நான்கு: மின்னோட்டத்தைத் தரவும் அளக்கவும் தெரிந்த லூப் கேலிபிரேட்டர், மல்ட்டிமீட்டர், கடைசியாகத் திருத்தப்பட்ட லூப் வரைபடம், களத்தில் நிற்பவரோடு பேச ஒரு வாக்கிடாக்கி. வரைபடத்தின் திருத்த எண்ணும் பேனல் கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிரதியின் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் அன்று லூப் செக் தொடங்காதீர்கள். பழைய வரைபடத்தை வைத்துச் செய்த அரைநாள் வேலையை முழுநாள் செலவழித்துத் திருத்தியிருக்கிறேன்.

களத்தில் அளந்ததை மின்னோட்டமாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், தன் அளவெல்லையின் 0 முதல் 100 விழுக்காட்டை 4 முதல் 20 மில்லியாம்பாகத் தருகிறது. எல்லாக் கணக்குக்கும் அடிப்படை ஒரே சூத்திரம்தான்:

```
% = (mA - 4) / 16 * 100
```

## அறிகுறி 1: திரையில் அளவே வரவில்லை

திரையில் ஒயர் அறுந்தது என்ற எச்சரிக்கை வந்திருக்கும். அல்லது அளவு பூஜ்யத்துக்குக் கீழே போய் நின்றிருக்கும். முதலில் பேனலில் அந்த லூப்பின் டெர்மினலைக் கண்ணால் பாருங்கள். நைஃப் டெர்மினல் என்றால் அதன் கத்தி திறந்தே கிடக்கலாம். ஒயர் இணைக்கும்போது பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, மூடும்போது ஒன்றிரண்டை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. ஃபியூஸ் டெர்மினல் என்றால் ஃபியூஸைக் கழற்றித் தொடர்ச்சி பாருங்கள். அதன் சிறு விளக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்து, களத்தில் டிரான்ஸ்மிட்டரின் மூடியைத் திறந்து, அதன் இரு முனைகளுக்கு இடையே வோல்ட் அளக்க வேண்டும். இங்கே வழி மூன்றாகப் பிரிகிறது.

வோல்ட் பூஜ்யம். மின்சாரம் அதுவரை வரவில்லை. பேனலிலிருந்து களம் வரை உள்ள ஒவ்வொரு சந்திப்புப் பெட்டியிலும் அதே அளவை எடுத்துக்கொண்டே வாருங்கள். 24 வோல்ட் இருந்த பெட்டிக்கும் இல்லாத பெட்டிக்கும் நடுவில்தான் பழுது இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்த பேனலில் திருகுகள் தளர்ந்திருக்கும் என்பதால், இறக்கியவுடன் ஒவ்வோர் ஒயரையும் கையால் இழுத்துப் பார்ப்பதை நான் தவறவிடுவதில்லை. ஃபெரூலுக்கு வெளியே தோல் உரிந்திருக்கும் ஒயரும், டெர்மினலுக்குள் தோலோடு சேர்த்து இறுக்கப்பட்ட ஒயரும் இந்த இழுவையில்தான் அகப்படும்.

வோல்ட் 24, ஆனால் மைனஸ் குறியோடு. முனைகள் மாறியிருக்கின்றன. பெரும்பாலான இரு ஒயர் டிரான்ஸ்மிட்டர்கள் இதனால் கெடுவதில்லை. மாற்றி இணைத்தால் உயிர்பெறும். களத்தில் மாற்றுவதா, பேனலில் மாற்றுவதா என்று கேட்பார்கள். வரைபடத்துக்கு எந்த முனை மாறுபட்டிருக்கிறதோ அந்த முனையில்தான் மாற்ற வேண்டும். கைக்கு அருகில் இருப்பதை மாற்றினால் அடுத்த ஆண்டு வேறொருவர் அதே இடத்தில் மாட்டிக்கொள்வார்.

வோல்ட் 24, குறியும் சரி, ஆனால் மின்னோட்டம் இல்லை. ஒயர்கள் நலமாகவே இருக்கின்றன, பழுது டிரான்ஸ்மிட்டரில். அதைக் கழற்றி, அதன் இடத்தில் கேலிபிரேட்டரை டிரான்ஸ்மிட்டராக நடிக்கும் நிலையில் வைத்து 12 மில்லியாம்ப் ஓட விடுங்கள். திரையில் 50 விழுக்காடு வந்தால் டிரான்ஸ்மிட்டரை விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், உத்தரவாதம் போய்விடும்.

இதற்கு நேர்மாறாக, அளவு உச்சத்தில் ஒட்டிக்கொண்டு 21 மில்லியாம்புக்கு மேல் காட்டினால், கேபிளின் இரு கம்பிகளும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால், தனக்கென்று தனி மின்சாரம் கொண்ட நான்கு ஒயர் கருவியை, தானே மின்சாரம் கொடுக்கும் உள்ளீட்டு முனையில் இணைத்திருக்கலாம். இரண்டு பேரும் ஒரே கயிற்றைத் தள்ளுகிறார்கள். நெல் தொட்டியில் வைக்கும் ரேடார் மட்ட அளவிகளில் இதை அடிக்கடி காண்கிறேன். பிஎல்சியின் உள்ளீட்டுக் கார்டின் வரைபடத்தில் இரு ஒயர் கருவிக்கும் நான்கு ஒயர் கருவிக்கும் தனித்தனி முனை எண்கள் இருக்கும். அவற்றின்படி மாற்றினால் சரியாகும்.

சோதிப்பவரே உண்டாக்கும் ஒரு பழுதையும் இங்கே சொல்ல வேண்டும். மின்னோட்டம் அளந்த பிறகு, மீட்டரின் சிவப்பு ஒயரை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போனால், மீட்டர் நேரடி இணைப்பாக மாறி அந்த லூப்பின் ஃபியூஸை எரித்துவிடும். காலையில் நன்றாக இருந்த லூப் மாலையில் செத்துக் கிடந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

## அறிகுறி 2: அளவு வருகிறது, ஆனால் உண்மையோடு ஒத்துப்போகவில்லை

இந்தப் பிரிவை நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். எதுவும் வராத லூப்பை யாரும் கையெழுத்திட்டு ஏற்க மாட்டார்கள். பொய் சொல்லும் லூப்புக்கோ எஃப்ஏடியிலும் எஸ்ஏடியிலும் கையெழுத்துக் கிடைத்துவிடும்.

ஒரே ஒரு புள்ளியில் சோதித்தால் இந்தப் பழுது தெரியாது. டிரான்ஸ்மிட்டரின் இடத்திலிருந்து 4, 8, 12, 16, 20 மில்லியாம்ப் என்று ஐந்து புள்ளிகளைக் கொடுத்து, திரையில் வந்ததை வரிசையாக எழுதுங்கள். இந்தப் புள்ளிகளிலோ, உண்மை அளவோடு ஒப்பிடும்போதோ தவறு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

### கீழே அதிகத் தவறு, மேலே போகப் போகக் குறைந்து, உச்சியில் சரி

உள்ளீட்டுக் கார்டின் அந்த வழி 4–20க்குப் பதிலாக 0–20 என்று அமைக்கப்பட்டிருக்கிறது. 0 முதல் 150 டிகிரி வரை அளக்கும் வெப்ப டிரான்ஸ்மிட்டருக்கு அது இப்படித் தெரியும்:

```
mA    உண்மை °C    திரையில் °C
4       0            30
8       37.5         60
12      75           90
16      112.5        120
20      150          150
```

நான் நேரில் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஆறு ஊறல் தொட்டிகள் கொண்ட ஓர் ஆலை. வெந்நீரில் ஊறவைக்கும் முறையில் தண்ணீர் 65 முதல் 70 டிகிரிக்குள் நின்றால்தான் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் நெல் ஊறும். அதற்கு மேல் சூடேறினால் உமி பிளந்து அரிசி நிறம் மாறும், குறைந்தால் நடுவில் வெள்ளைக் கருவோடு நிற்கும். எஃப்ஏடி தாளில் ஆறு தொட்டிகளுக்கும் சரி என்று குறி இருந்தது. எஸ்ஏடியில் தண்ணீர் மட்டும் விட்டு ஓட்டினோம். திரையில் ஆறும் 70 டிகிரியில் அசையாமல் நின்றன. நான்காம் தொட்டிக்கு அருகே நின்ற கொதிகலன் ஆபரேட்டர், மாதிரி எடுக்கும் குழாயைத் திறந்து, வழிந்த தண்ணீரில் இரண்டு விரலை வைத்தார். எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "எழுவது டிகிரித் தண்ணியில விரல வச்சிக்கிட்டு நிக்க முடியுமா தம்பி?" என்றார்.

கண்ணாடித் தெர்மாமீட்டரை நுழைத்தோம். 50 டிகிரி காட்டியது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒவ்வோர் எண்ணும் பொருந்துகிறது. கட்டுப்பாடு திரையில் 70 வரும் வரை நீராவியை விட்டு, வந்ததும் நிறுத்துகிறது. 0–20 அமைப்பில் 70 டிகிரி என்பது 150இல் 46.7 விழுக்காடு, அதாவது 9.33 மில்லியாம்ப். அதே மின்னோட்டத்தை டிரான்ஸ்மிட்டர் 4–20 கணக்கில் அனுப்புகிறது, 9.33இலிருந்து 4ஐக் கழித்து 16ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு, 150இல் 50 டிகிரி. அன்று காலையிலேயே ஒரு குறிப்பு கிடைத்திருந்தது. இரவெல்லாம் ஆறி 30 டிகிரியில் கிடந்த அந்தத் தொட்டி திரையில் 54 காட்டியது. முந்தைய நாள் சூட்டின் மிச்சம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். பக்கத்துத் தொட்டிகள் 30 காட்டியதை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

எஃப்ஏடியில் இது எப்படித் தப்பியது என்பதைத் தேடியபோதுதான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. அங்கே சோதித்தவர் இரண்டு புள்ளிகளைப் பார்த்திருக்கிறார். 20 மில்லியாம்ப் கொடுத்தார், 150 வந்தது. பிறகு பூஜ்யம் பார்க்க ஒயரைக் கழற்றினார், 0 வந்தது. இரண்டும் சரி என்று எழுதினார். 0–20 அமைப்பில் ஒயர் இல்லாவிட்டால் 0 வருவது இயல்பு. 4–20 அமைப்பிலோ ஒயரைக் கழற்றினால் பூஜ்யம் வரக் கூடாது. ஒயர் அறுந்த எச்சரிக்கை வர வேண்டும். அவர் பார்த்த பூஜ்யமே பழுதுக்குச் சாட்சி. ஆகவே எஃப்ஏடி தாளில் 4 மில்லியாம்புக்கு ஒரு கட்டமும், ஒயர் கழற்றிய நிலைக்குத் தனியாக ஒரு கட்டமும் இருக்க வேண்டும் என்று இப்போது நான் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

தவறு கார்டிலா, நிரலிலா என்று பிரிக்க, 12 மில்லியாம்பை ஓட விட்டுக் கார்டு தரும் மூல எண்ணைப் பாருங்கள். முழு அளவுக்கு 27648 கொடுக்கும் வகைப் பிஎல்சியில் இது 13824 ஆக இருக்க வேண்டும். 16589 என்று வந்தால் கார்டு அமைப்புத் தவறு; 13824 சரியாக வந்து திரையில் மட்டும் பிசகினால் நிரலில் உள்ள அளவீட்டு மாற்றம் தவறு. கார்டு அமைப்பை மாற்றிய பிறகு அதை மறுபடி பிஎல்சிக்குள் இறக்கவேண்டும். அதற்குப் பிஎல்சியை நிறுத்த வேண்டியிருக்கலாம். நெல் தொட்டியில் இருக்கும்போது அதைச் செய்ய வேண்டாம்.

### பூஜ்யம் சரி, மேலே போகப் போக ஒரே விகிதத்தில் தவறு

டிரான்ஸ்மிட்டரின் அளவெல்லையும் திரையின் அளவெல்லையும் வேறு வேறு. டிரான்ஸ்மிட்டர் 0–200 என்று தொழிற்சாலையிலிருந்து வந்து, திரை 0–150 என்று இருந்தால், உண்மையான 70 டிகிரி திரையில் 52.5 ஆகத் தெரியும்; எங்கே பார்த்தாலும் முக்கால் பங்குதான் வரும். கேலிபிரேட்டரை மட்டும் வைத்துச் செய்யும் லூப் செக்கில் இது ஒருபோதும் அகப்படாது, ஏனென்றால் கேலிபிரேட்டர் விழுக்காட்டை மட்டுமே அறியும்; டிகிரியை அறியாது. டிரான்ஸ்மிட்டரின் பெயர்ப்பலகையில் உள்ள எல்லையும், கருவிப் பட்டியலில் உள்ள எல்லையும், நிரலில் உள்ள எல்லையும் மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்று படித்துப் பார்ப்பதுதான் சோதனை. பெயர்ப்பலகையையும் முழுமையாக நம்பாமல், கைக்கருவியை இணைத்து டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் எல்லையைப் படிப்பது இன்னும் நல்லது.

### எல்லாப் புள்ளியிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடுதல்

பிடி100 சென்சாரை நேரடியாகக் கார்டுக்குக் கொண்டுவரும் உலர்த்திப் பகுதியில் இது வரும். மூன்று ஒயர் சென்சாரை இரண்டு ஒயராக இணைத்துவிட்டால், கேபிளின் மின்தடையும் வெப்பமாகக் கணக்காகிவிடுகிறது. பிடி100இல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.385 ஓம் மாறும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 30 மீட்டர் போய் 30 மீட்டர் திரும்பினால் 0.7 ஓம் சேரும். திரையில் இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் தெரியும். நிரலில் இரண்டு டிகிரியைக் கழித்துச் சமாளிக்கச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். மூன்றாவது ஒயரை இழுத்து இணைப்பதே சரி.

இவை மூன்றும் இல்லாமல், ஐந்து புள்ளியும் துல்லியமாக வந்து, தெர்மாமீட்டரோடு மட்டும் ஒத்துப்போகவில்லையென்றால், சென்சாரோ அது நுழைந்திருக்கும் தெர்மோவெல்லோ காரணம். சென்சாரின் நுனி தெர்மோவெல்லின் அடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டும் தவறினால், சென்சாரைக் கழற்றி அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்தக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இதற்குமேல் ஆலையில் செய்ய ஒன்றுமில்லை.

## அறிகுறி 3: அளவு ஆடிக்கொண்டே இருக்கிறது

ஆடுவது கருவியா, தொட்டியா என்பதை முதலில் தீர்மானியுங்கள். நீராவி பீய்ச்சும்போது ஊறல் தொட்டியில் தண்ணீர் உண்மையிலேயே கொதித்துக் குதிக்கும். அப்போது மட்டம் ஆடினால் கருவி சரியாகத்தான் சொல்கிறது. டிரான்ஸ்மிட்டரில் சில விநாடித் தணிப்பு வைத்தால் போதும்.

தொட்டி அமைதியாக இருக்கும்போதும் ஆடினால், களத்தில் ஒயரைக் கழற்றிக் கேலிபிரேட்டரிலிருந்து அசையாத 12 மில்லியாம்ப் கொடுங்கள். ஆட்டம் நின்றால் டிரான்ஸ்மிட்டர் பக்கம் பாருங்கள். மூடிக்குள் ஈரம், தளர்ந்த திருகு ஆகியவை முதலில். ஆட்டம் தொடர்ந்தால் கேபிளும் எர்த்தும்.

ப்ளோவர் மோட்டாரின் அல்லது எலிவேட்டர் மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி இயங்கும்போது மட்டும் ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அப்படியானால் அதன் மோட்டார் கேபிளும் உங்கள் சிக்னல் கேபிளும் எங்கோ ஒரே தட்டில் அருகருகே ஓடுகின்றன. சிக்னல் கேபிளைத் தனித் தட்டுக்கு மாற்றுவதே தீர்வு. தவிர்க்க முடியாமல் குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் குறுக்கிடச் செய்யுங்கள். எஃப்ஏடியில் இந்தப் பழுது தெரிய வழியே இல்லை, ஏனென்றால் அங்கே மோட்டாரும் இல்லை, நீண்ட கேபிளும் இல்லை. அதனால் எஸ்ஏடியை எல்லா மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மோட்டார்களை நிறுத்திவைத்து அமைதியில் எடுத்த எஸ்ஏடி அளவுகள் பாதி மதிப்புக்கூடப் பெறாதவை.

விஎஃப்டியோடு தொடர்பில்லாமல் ஆடினால் ஷீல்டைப் பாருங்கள். ஷீல்டு பேனல் பக்கம் மட்டும் எர்த் ஆக வேண்டும்; களப் பக்கம் வெட்டி டேப் சுற்றியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் எர்த் செய்திருந்தால், இரு இடங்களின் எர்த்துக்கும் இடையே உள்ள வோல்ட் வேறுபாடு ஷீல்டு வழியாக மின்னோட்டத்தை ஓட்டி, சிக்னலில் கலக்கும். களப் பக்கம் ஷீல்டைக் கழற்றி, அந்த நுனிக்கும் அருகிலுள்ள இரும்புத் தூணுக்கும் இடையே ஏசி வோல்ட் அளந்து பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காரணம் கையில் இருக்கிறது.

நமது செம்பராங்கல் மண்ணில் இந்தப் பிரச்சினை கூடுதலாகவே வரும். கோடையில் மண் வறண்டு எர்த் பிட்டின் தடை ஏறுகிறது. மார்கழியில் எடுத்த எஸ்ஏடியில் நன்றாக இருந்த லூப் சித்திரையில் ஆடத் தொடங்குகிறது. பிட்டுகளில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து ஆட்டம் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால், கருவி வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை அழையுங்கள். ஐஎஸ் 3043 நெறிப்படி பிட்டுகளை அளந்து, தேவையானால் புதிதாகத் தோண்டித் தருவது அவருடைய வேலை.

## அறிகுறி 4: நீராவி வால்வு கட்டளைக்கு எதிராக நடக்கிறது, அல்லது அசையவே இல்லை

இதைத் தொடும் முன் நீராவிக் குழாயின் கைவால்வை மூடி, பூட்டிவிடுங்கள். வால்வுக்கு அருகில் ஒருவர் நின்று தண்டின் அளவுகோலைப் படிக்க வேண்டும். திரையில் வரும் எண் வால்வு எங்கே நிற்கிறது என்று காட்டுவதில்லை, எங்கே நிற்கச் சொன்னோம் என்றுதான் காட்டுகிறது.

அசையவில்லையென்றால் காற்றிலிருந்து தொடங்குங்கள். ரெகுலேட்டரின் மானியில் வால்வின் பெயர்ப்பலகை கேட்கும் அழுத்தம் இருக்கிறதா, அதன் அடியில் உள்ள வடிகட்டிக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு, கட்டளைப்படி வால்வை நிறுத்தும் பொசிஷனருக்கு வரும் மின்னோட்டத்தை அளங்கள். மின்னோட்டமும் காற்றும் சரியாக இருந்து தண்டு அசையவில்லையென்றால், பொசிஷனரின் தானியங்கி அளவுத்திருத்தத்தை ஒருமுறை ஓட்டுங்கள். அதுவும் பிழை காட்டினால் வால்வு தயாரிப்பாளரின் ஆளை அழைக்க வேண்டும். க்ளாண்ட் நட்டைத் தளர்த்தி ஓட வைக்கும் முயற்சி வேண்டாம்.

எதிராக நடந்தால் நிரலிலோ பொசிஷனரிலோ திசை தலைகீழாக இருக்கிறது. இங்கே ஒரு கவனம் மிக அவசியம். இரண்டிலும் தலைகீழாக இருந்தால் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு, 0, 50, 100 என்ற எல்லாக் கட்டளைக்கும் வால்வு ஒழுங்காகவே நடக்கும். லூப் செக்கில் தேறிவிடும். ஆனால் அப்போது 4 மில்லியாம்ப் என்பது வால்வு முழுதாகத் திறந்த நிலை. பிஎல்சி நிற்கும்போது அதன் வெளியீடு 4 மில்லியாம்புக்குப் போகும்படி அமைந்திருந்தால், பிஎல்சி நின்ற அந்த நொடியில் நீராவி முழுதாகத் திறந்துகொள்ளும். ஆகவே வழக்கமான புள்ளிகளோடு மூன்று சோதனைகளைச் சேர்த்துச் செய்யுங்கள்: வால்வு பாதி திறந்திருக்கும்போது சிக்னல் ஒயரைக் கழற்றுங்கள், மறுபடி பாதி திறந்து காற்றை நிறுத்துங்கள், மறுபடி பாதி திறந்து பிஎல்சியை நிறுத்த நிலைக்குக் கொண்டுபோங்கள். மூன்றிலும் வால்வு மூட வேண்டும். ஒன்றில் மூடாவிட்டாலும் அந்த லூப்பை ஏற்காதீர்கள்.

## அறிகுறி 5: எஃப்ஏடியில் சரியாக நடந்தது எஸ்ஏடியில் நடக்கவில்லை

உலர்த்தியில் வெப்பம் மிஞ்சினால் எலிவேட்டர் நிற்க வேண்டும் என்பது போன்ற இணைப்புப் பூட்டு அங்கே வேலை செய்தது, இங்கே செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒயரைத் தேடும் முன் பிஎல்சிக்குள் இருக்கும் நிரல் எஃப்ஏடியில் கையெழுத்தான அதே நிரல்தானா என்று பாருங்கள். மடிக்கணினியில் உள்ள நிரலோடு ஒப்பிடும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. எஃப்ஏடி கடைசி நாளில் ஒருவர் மடிக்கணினியில் திருத்தம் செய்திருப்பார். பேனலை ஏற்றும் அவசரத்தில் இன்னொருவர் தம் கணினியிலிருந்த பழையதை இறக்கியிருப்பார்.

நிரல் ஒன்றாகவே இருந்தால், கட்டாய நிலையில் விடப்பட்ட முனைகளைத் தேடுங்கள். எஃப்ஏடியில் களக் கருவி இல்லாததால், 'தொட்டி நிரம்பவில்லை', 'மோட்டார் ஓடுகிறது' போன்றவற்றைக் கையால் உண்மையென்று வைத்துச் சோதித்திருப்பார்கள். அதை எடுக்க மறந்தால், களத்தில் என்ன நடந்தாலும் பிஎல்சிக்குத் தெரியாது. எஸ்ஏடி தொடங்கும் நாளின் காலையில் கட்டாயப் பட்டியல் வெறுமையாக இருப்பதைத் திரையிலேயே காட்டி, அதை அச்சிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டுத் தாளோடு இணைக்க வேண்டும் என்பது நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனை.

இரண்டும் சரியாக இருந்தால்தான் களத்துக்குப் போக வேண்டும். அங்கே பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மோட்டார் பேனலிலிருந்து வரும் பழுது அறிவிப்பு, எப்போதும் மூடிய முனையிலிருந்து எடுக்கப்பட வேண்டியது, எப்போதும் திறந்த முனையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். ஓவர்லோடு ரிலேயின் சோதனைப் பொத்தானை அழுத்தித் திரையில் எச்சரிக்கை வருகிறதா, பொத்தானை விட்டு ஒயரைக் கழற்றினாலும் வருகிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

கொதிகலனின் தண்ணீர் மட்டம் குறைந்தால் நிறுத்தும் அமைப்பு மட்டும் இந்த வரிசையில் வராது. அது பிஎல்சியோடு பேசினாலும் பிஎல்சியைச் சார்ந்திருக்கக் கூடாது. அதில் எந்த ஒயரையும் கழற்றாமல், எந்த முனையையும் கட்டாயப்படுத்தாமல், கொதிகலனை நிறுவியவரையும் அதன் தகுதி பெற்ற ஆபரேட்டரையும் வைத்துக்கொண்டு, மட்டத்தை உண்மையாகவே குறைத்து அவர்கள் கையால்தான் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை முடியும் வரை மற்ற லூப்கள் அனைத்தும் தேறியிருந்தாலும் எஸ்ஏடி தாளில் என் கையெழுத்து விழாது.